கதவில் ஒட்டிய தாள்

எங்கள் பேயிங் கெஸ்ட் விடுதியின் வாசல் கதவில் ஏழு வருடங்களாக ஒரே தாள்தான் ஒட்டியிருந்தது. எழுதியது நான்தான். அதில் ஐந்து வரிகள் இருந்தன: “பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. இரவு 10 மணிக்குக் கதவு மூடப்படும். அதன் பிறகு வருபவர்களுக்கு அனுமதி இல்லை. சமையலறையைச் சுத்தமாக வைத்திருக்கவும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.” வேளச்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டை விடுதியாக மாற்றியபோது, பக்கத்துத் தெரு விடுதியின் சுவரில் இருந்ததைப் பார்த்து ஏறக்குறைய அப்படியே எழுதிக்கொண்டேன். அன்றைக்கு அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு பெண் திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வாசலில் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன, தோளில் பை தொங்கியது. “இவ்வளவு காலையில் எந்த ரயிலம்மா?” என்று கேட்டேன். ரயில் முந்தைய நாள் இரவு எட்டரை மணிக்கே வந்திருக்க வேண்டியது. தாமதமாகி எழும்பூருக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்று ஆகிவிட்டிருக்கிறது. விடியும் வரை அவள் காத்திருப்போர் அறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? நான் திறந்திருக்க மாட்டேனா?” என்றேன். அவள் கதவைக் காட்டினாள். “பத்து மணிக்கு மேல் அனுமதி இல்லை என்றுதானே ஆன்ட்டி எழுதியிருக்கிறது.”

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எழுதியிருந்ததை நம்பினாள், அவ்வளவுதான். பெண்களின் பாதுகாப்புக்கு என்று நான் எழுதிய வரி, 22 வயதுப் பெண்ணை இரவு முழுவதும் வெளியே உட்கார வைத்திருந்தது. அன்று மாலையே தாளைக் கிழித்தேன். ஆனால் புதிதாக எழுத எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களில் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். விடுதி நடத்துகிறவர்களுக்கும் பயன்படும், விடுதி தேடுகிறவர்கள் சேரும் முன்பு எதைக் கேட்க வேண்டும் என்பதற்கும் பயன்படும்.

முதலில் வாசல் நேரம். 10 மணி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வாட்ச்மேனுக்கு ஒரு நேரம் வேண்டும், தெருவில் நடமாட்டம் குறைகிற நேரம் அது, உள்ளே தூங்குகிறவர்களுக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது. மூன்றும் நியாயமானவையே. ஆனால் மூன்றுமே கதவைத் தாழிடுவதற்கான காரணங்கள். உள்ளே இருக்க வேண்டிய ஒருத்தியை வெளியே நிறுத்துவதற்கு அவற்றில் ஒன்றும் இடம் தரவில்லை. தாழிடும் நேரமும் உள்ளே விடும் நேரமும் வேறு வேறு என்பதை என் பழைய தாள் பிரித்துச் சொல்லவே இல்லை. இப்போது அந்தப் பகுதி இப்படி இருக்கிறது:

“வாசல் கதவு இரவு 10 மணிக்குத் தாழிடப்படும். அதன் பிறகும், எந்த நேரமானாலும், உங்களுக்காகத் திறக்கப்படும். வர நேரமாகும் என்று தெரிந்தால் 9 மணிக்குள் வார்டன் எண்ணுக்கு ஒரு வரி அனுப்புங்கள். அனுப்ப முடியாமல் போனாலும் நேராக வந்து மணியை அழுத்துங்கள். வெளியில் காத்திருக்க வேண்டாம்.”

கடைசி இரண்டு வாக்கியங்களைச் சேர்த்தபோது எங்கள் வார்டன் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “இப்படி எழுதினால் எவள் செய்தி அனுப்புவாள்?” என்றார். அவர் பயந்தது போல நடக்கவில்லை. முன்பு செய்தியே வராது. தாமதமாக வருகிறவர்கள் அறைத் தோழியை எழுப்பி, அவள் மூலமாக வாட்ச்மேனைச் சரிக்கட்டி உள்ளே வந்துவிடுவார்கள். யார் எப்போது வந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. கதவு திறக்கும் என்ற உறுதி கிடைத்த பிறகு மறைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. இப்போது பெரும்பாலான நாட்களில் ஒன்பதுக்குள் செய்தி வந்துவிடுகிறது.

வாசலில் வைத்துக் கேள்வி கேட்பதையும் நிறுத்தினோம். இரவு பதினொன்றேகாலுக்குக் களைத்து வருகிறவளிடம் “எங்கே போயிருந்தாய், யாருடன் வந்தாய்?” என்று கேட்பதில் யாருக்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. வாட்ச்மேன் அண்ணன் நேரத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்கிறார். பேச வேண்டியது இருந்தால் மறுநாள் மாலை நான் தனியாகப் பேசுவேன். மாதத்தில் நான்கைந்து முறை சொல்லாமல் தாமதமாக வந்தால் பேசத்தான் செய்வேன். அப்படிப் பேசியபோது ஒரு பெண்ணின் அலுவலகத்தில் வேலை நேரம் மாறியிருந்ததும், அதை எங்களிடம் சொன்னால் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிடுவோம் என்று அவள் பயந்திருந்ததும் தெரியவந்தது.

இரவுப் பணிக்காரர்களை அறிவிப்பில் ஒரு வரி எழுதிச் சமாளிக்க முடியாது. அறை ஒதுக்குவதில்தான் சமாளிக்க வேண்டும். எங்களிடம் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். அலுவலகக் கார் அவர்களை இரவு ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் இறக்கிவிடுகிறது. முன்பு ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். அதனால் மூன்று அறைகளிலும் சண்டை. மூவரையும் தரைத்தளத்தில் வாசலுக்குப் பக்கத்து அறையில் சேர்த்து வைத்தேன், சண்டை நின்றது. அவர்களுடைய பணி அட்டவணையை முன்பு வசதிக்காக வரவேற்பறைச் சுவரில் ஒட்டியிருந்தோம். எந்தப் பெண் எந்த இரவில் எத்தனை மணிக்குத் தனியாக வந்து இறங்குவாள் என்பதை, தண்ணீர் கேன் போடுகிறவர் முதல் மின்கணக்கு எடுப்பவர் வரை எல்லோருக்கும் படித்துக்காட்டியது போல அது இருந்திருக்கிறது. இப்போது அந்த அட்டவணை வார்டன் அக்காவின் நோட்டுக்குள் மட்டும் இருக்கிறது.

சொல்லாமல் வராமல் போனால் என்ன செய்வோம் என்பதும் தாளில் இருக்கிறது. பத்தரைக்கு ஒரு செய்தி, பதினொன்றுக்கு ஓர் அழைப்பு, பதினொன்றரைக்கு அவள் சேரும்போது எழுதிக்கொடுத்த ஆளுக்கு அழைப்பு. அந்த ஆள் யார் என்பதை அவள்தான் தீர்மானிக்கிறாள். பெரும்பாலும் அப்பா அம்மாவாக இருக்கும், சிலருக்கு அக்கா, ஒருத்திக்கு அலுவலகத் தோழி. “தாமதமாக வந்தால் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும்” என்று சில விடுதிகளில் எழுதுகிறார்கள். தங்கியிருப்பவர்கள் 18 வயது கடந்தவர்கள், சம்பாதிக்கிறவர்கள். வீட்டில் மாட்டிவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பயப்படுகிறவள், உண்மையிலேயே ஆபத்தில் சிக்கிக்கொண்டாலும் நம்மைக் கூப்பிட மாட்டாள். யாரிடமும் தொடர்பு கிடைக்கவில்லை என்றால் 112 எண்ணுக்குப் பேசுவோம் என்றும் எழுதியிருக்கிறோம். இதுவரை அந்தத் தேவை வரவில்லை.

பூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம். தாளை மாற்றுவதற்கு முந்தைய வருடம் ஓர் இரவு, மாடியில் இருக்கும் மின்பலகையில் தீப்பொறி பறந்து புகை கிளம்பியது. 16 பெண்களும் கீழே ஓடி வந்துவிட்டார்கள். முன்கதவின் கம்பிக் கேட்டில் தொங்கும் பூட்டு, சாவி வாட்ச்மேன் அண்ணனின் சட்டைப் பையில், அவர் தெருமுனையில் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவர் ஓடி வந்து திறப்பதற்கு நான்கு நிமிடம் ஆனது. புகை அதற்குள் தானாகவே அடங்கிவிட்டது. அடங்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பில் அன்று நான் தூங்கவில்லை. அவர் மேல் குற்றம் இல்லை, உள்ளே ஆள் இருக்கும்போது கேட்டை வெளியிலிருந்து பூட்டச் சொன்னது நான். இப்போது உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும்தான், சாவி வேண்டாம், யாராலும் இருட்டில் தடவித் திறக்க முடியும். விடுதி பார்க்கப் போகிறவர்கள் கட்டிலையும் குளியலறையையும் பார்ப்பதோடு, இரவில் கதவை எப்படி மூடுவீர்கள், சாவி எங்கே இருக்கும் என்று கட்டாயம் கேளுங்கள். “எங்கள் விடுதியில் இரவு பூட்டினால் காலையில்தான் திறப்போம்” என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கே சேராதீர்கள்.

அடுத்தது பார்வையாளர்கள். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த 2014ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். வந்துபோகிறவர்களைப் பதிவேட்டில் எழுதுவதையும் வாசலில் கேமரா வைப்பதையும் விடுதி நடத்துகிறவர்கள் எல்லோரும் அறிவோம், நாங்களும் செய்தோம். நீளமான நோட்டு ஒன்று, வாசல் மேசையில், நூல் கட்டிய பேனாவுடன். பெயர், போன் எண், யாரைப் பார்க்க வந்தீர்கள், அவருடைய அறை எண், அவருடைய போன் எண், நேரம், கையெழுத்து என்று கட்டங்கள். பார்த்தால் பொறுப்பான விடுதி என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை ஒருவன் வந்து, முதல் மாடியில் இருக்கும் பெண்ணின் சித்தப்பா மகன் என்று சொல்லியிருக்கிறான். அவள் அறையில் இல்லை. “பரவாயில்லை, எழுதிவிட்டுப் போகிறேன்” என்று நோட்டை வாங்கி எழுதிவிட்டுப் போய்விட்டான். அன்று இரவிலிருந்து அவளுக்கு இல்லை, வேறொரு பெண்ணுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பதுகூட அழைத்தவனுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று எங்களுக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. அதே பக்கத்தில், நான்கு வரிக்கு மேலே, அவளைப் பார்க்க வந்த அவளுடைய தோழி எழுதிய வரி இருந்தது. அறை எண்ணும் போன் எண்ணும் அழகான கையெழுத்தில். அவன் எழுதுவதற்குப் பேனாவை எடுத்தபோது படித்துக்கொண்டு போயிருக்கிறான். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம், அழைப்புகள் நின்றன. ஆனால் அந்தப் பெண் அடுத்த மாதம் விடுதியை விட்டுப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை, தடுக்க எனக்கு என்ன வார்த்தை இருக்கிறது?

அதன் பிறகு நோட்டு வார்டன் அக்காவின் கையை விட்டுப் போவதில்லை. வருகிறவர் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார், அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரைச் சரிபார்க்கிறார், தாளைத் திருப்பிக் காட்டுவதில்லை. தங்கியிருப்பவரின் போன் எண்ணுக்கும் அறை எண்ணுக்கும் கட்டமே இல்லை, அவை எங்களிடம் வேறு இடத்தில் இருக்கின்றன. இன்னொன்றும் வாட்ச்மேன் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தோம். யாராவது வந்து ஒரு பெயரைச் சொல்லி “இங்கேதானே இருக்கிறாள்?” என்று கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. “உங்கள் பெயரைச் சொல்லுங்கள், உள்ளே கேட்கிறேன்” என்று மட்டும் சொல்ல வேண்டும். “மாடியில் இருக்கிறாள், இப்போதுதான் வந்தாள்” என்பது நம் ஊரில் அன்பாகச் சொல்கிற பதில். தேடி வருகிறவன் விலக வேண்டியவனாக இருந்தால், அந்த அன்பான பதிலே போதும், மறுநாள் அவன் தெருமுனையில் நிற்பான். தன்னைப் பார்க்க யாரை அனுப்பவே கூடாது என்று ஒரு பெண் சொல்ல விரும்பினால் வார்டனிடம் சொல்லலாம், காரணம் கேட்க மாட்டோம் என்றும் தாளில் எழுதினோம்.

“அனுமதி இல்லை” என்ற வரியை என்ன செய்வது என்பதில்தான் அதிக நேரம் பேசினோம். அறைக்குள் வெளியாள் வரக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை, பெண்ணாக இருந்தாலும். காரணத்தைச் சொல்லாமல் எழுதினால் அது சந்தேகப்படுவது போல ஒலிக்கும். அறை மூன்று பேருடையது. ஒருத்தியின் விருந்தாளி கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது, இன்னொருத்தி குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வருகிறாள். மூன்றாமவள் இரவுப் பணி முடித்துத் தூங்குகிறாள். “அறை உங்களுடையது மட்டுமல்ல, அதனால் விருந்தினரை முன்வராந்தாவில் சந்தியுங்கள்” என்று எழுதினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அப்படி எழுதினால் வராந்தாவில் உட்கார இடம் இருக்க வேண்டும். எங்களிடம் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, அதிலும் வாட்ச்மேன் அண்ணன் உட்கார்ந்திருப்பார். நான்கு நாற்காலிகளும் ஒரு மின்விசிறியும் குடிநீர்க் குவளையும் வந்த பிறகுதான் அந்த விதிக்கு உயிர் வந்தது. காலை 10 முதல் இரவு 8 வரை ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் அங்கே வந்து பேசலாம். அண்ணன் தம்பி மட்டும் வரலாம் என்று இருந்தபோது, வந்தவர்கள் எல்லோருமே அண்ணன் தம்பிகளாகத்தான் எழுதப்பட்டார்கள்.

ஊரிலிருந்து வரும் அம்மாக்கள் தனி விஷயம். மகளுக்குக் காய்ச்சல் என்று கேட்டுவிட்டு இரவு பஸ் ஏறி வருகிற அம்மாவை வராந்தாவிலேயே நிறுத்த என் மனம் ஒப்பாது. காலிக் கட்டில் இருந்தால் இரண்டு இரவு வரை, கட்டணம் இல்லாமல், அடையாள அட்டை நகலுடன் தங்கலாம். கட்டில் காலி இல்லை என்றால் அறையில் இருக்கும் மற்ற இருவரும் நேரடியாக என்னிடம் சம்மதம் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணிடம் சொல்வது போதாது, முகத்துக்கு நேரே மறுக்க யாருக்கும் வராது. உணவு கொண்டுவருகிறவர்கள் கேட் வரைதான், பொட்டலத்தை வாங்க அவரவர் இறங்கி வர வேண்டும். பழுதுபார்க்க வருகிறவர்கள் பகல் 11 முதல் 1 வரை வார்டனுடன் வருவார்கள், முந்தைய நாளே குழுவில் சொல்லிவிடுவோம்.

இனி சமையலறை. விடுதியின் சாப்பாடு காலையும் இரவும் சமையல் அக்காவின் கைவண்ணம், அது பெரிய சமையலறையில் நடக்கிறது. பின்பக்கம் ஒரு சிறிய அறையில் இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு தொட்டி. பெண்களின் பொதுச் சமையலறை அதுதான். “சுத்தமாக வைத்திருக்கவும்” என்று ஏழு வருடம் வாசல் தாளில் எழுதியிருந்தது. அந்த வரியை யாரும் மீறியதும் இல்லை, கடைப்பிடித்ததும் இல்லை. சுத்தம் என்றால் என்ன என்று அது சொல்லவில்லையே.

காலைச் சண்டைக்குக் காரணம் அழுக்குக்கூட இல்லை, நேரம். ஒரு வாரம் உட்கார்ந்து கவனித்தேன். அடுப்பு தேவைப்படும் நேரம் காலை ஆறரை முதல் எட்டரை வரை, 120 நிமிடம். இரண்டு பர்னர் என்பதால் 240 பர்னர்-நிமிடங்கள். 16 பேரும் வந்தால் ஆளுக்கு 15 நிமிடம். உண்மையில் சமைப்பவர்கள் 9 பேர்தான். ஆகவே ஆளுக்கு இருபது நிமிடம் என்றால் 180, மீதி 60 நிமிடம் தாமதத்துக்கும் பால் காய்ச்சுபவர்களுக்கும். கணக்குப்படி எல்லோருக்கும் இடம் இருக்கிறது. பிறகு எப்படித் தினமும் மூன்று பேர் சாப்பிடாமல் அலுவலகம் போனார்கள்? இரண்டு பேர் இரண்டு பர்னரையும் பிடித்துக்கொண்டு, ஒன்றில் சாதம், ஒன்றில் குழம்பு என்று நாற்பது நிமிடம் நின்றார்கள். ஆகவே வரி இப்படி ஆனது: “காலை 6.30 முதல் 8.30 வரை ஒருவருக்கு ஒரு பர்னர், 20 நிமிடம். நீண்ட நேரச் சமையலை மாலை 6க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.” அடுப்புக்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டினேன். 20 நிமிடத்தை யார் அளப்பது என்ற கேள்வி அத்தோடு போயிற்று.

சுத்தம் என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். “அடுப்பை விட்டு நகரும்போது உங்கள் பாத்திரம் தொட்டியில் இருக்கக் கூடாது. மேடையைத் துடைத்துவிட்டுத் துணியைப் பிழிந்து கொடியில் போடுங்கள்.” இவ்வளவுதான். ஒருவர் செய்தாரா இல்லையா என்று பார்த்தவுடன் தெரியும்.

சிலிண்டருக்கு மட்டும் தனித் தாள், அடுப்புக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து மேடைக்கு அடியில் தேங்கும். நம் கை முதலில் போவது சுவரின் விசிறிச் சுவிட்சுக்குத்தான், நாற்றம் அடித்தால் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அந்தச் சுவிட்சைப் போடும்போது உண்டாகும் சிறு பொறி போதும் தீப்பிடிக்க. அணைத்தாலும் பொறி உண்டு. ஆகவே தாளில் எழுதியிருப்பது: “எரிவாயு நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அடுப்பின் திருகையும் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு, சன்னலைத் திறந்து வெளியேறுங்கள். வெளியே வந்த பிறகு 1906 எண்ணுக்குப் பேசுங்கள்.” 1906 எரிவாயுக் கசிவுக்கான அவசர எண். வெளியே வந்த பிறகு என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன்.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு வேறு. பால் பொங்கித் தீ அணைந்துவிடும், போன் பேசிக்கொண்டிருப்பவள் கவனிக்க மாட்டாள், திருகு திறந்தபடியே இருக்கும். அதனால், அடுப்பில் ஏதாவது இருக்கும்போது அந்த அறையை விட்டு நகரக் கூடாது. இரவு பத்தரைக்கு வார்டன் அக்கா ரெகுலேட்டரை மூடிவிட்டு, நோட்டில் ஒரு கையெழுத்துப் போடுகிறார். ரப்பர் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் தேதியையும் நான் குறித்து வைத்திருக்கிறேன். குழாய் பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் காலாவதி ஆனதும் மாற்றிவிட வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி விவகாரம் சிறியதாகத் தோன்றும், ஆனால் விடுதியில் உறவு முறிவது அங்கேதான். “என் தயிரை யார் எடுத்தது?” என்ற கேள்வி இரண்டு தோழிகளை ஒரு மாதம் பேசவிடாமல் செய்தது. இப்போது டப்பாவில் பெயரும் தேதியும் எழுத, கதவிலேயே ஒட்டும் தாளும் பேனாவும் தொங்குகின்றன. பெயர் இல்லாத டப்பா ஞாயிறு காலை 11 மணிக்கு அகற்றப்படும், சனிக்கிழமை இரவே குழுவில் அதன் படம் போடப்படும். சாதத்தை மட்டும் ஒரே நாளில் சாப்பிட்டு முடித்துவிடச் சொல்கிறேன், அதுவும் வடித்து ஒரு மணி நேரத்துக்குள் பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். இரவு முழுக்க மேடையில் கிடந்த சாதத்தைக் காலையில் சூடு பண்ணிச் சாப்பிட்டு ஒரு பெண் வாந்தியில் சுருண்டுவிட்டாள். சாதத்தில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நானும் அதுவரை நம்பியிருந்தேன்.

அசைவம் பற்றி எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் சின்னச் சமையலறையில் முட்டையும் மீனும் சமைக்கலாம், அதற்கென்று ஒரு சட்டியும் தோசைக்கல்லும் கீழ்த்தட்டில் தனியாக இருக்கின்றன. இதைச் சேர வருகிற அன்றே சொல்லிவிடுகிறோம், சமையலறையைக் காட்டிச் சொல்கிறோம். அந்த வாசனை ஆகாது என்கிறவர்கள் அன்றே வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். முன்பணம் வாங்கிக்கொண்டு பிறகு சொல்வதுதான் ஏமாற்று. சைவம் மட்டும் என்று வைத்திருக்கும் விடுதிகளும் முதல் நாளே இப்படிச் சொல்லிவிட்டால் அங்கேயும் சண்டை இருக்காது.

“நடவடிக்கை எடுக்கப்படும்” என்ற வரிக்குப் பதிலாக வந்தது கொஞ்சம் நீளம். முதல் முறை நேரில் பேச்சு, இரண்டாம் முறை எழுத்தில் ஒரு குறிப்பு, மூன்றாம் முறை முப்பது நாள் அவகாசத்தோடு இடத்தைக் காலி செய்யச் சொல்வது, முன்பணத்தில் பிடித்தம் இல்லை. தீ, எரிவாயு, மற்றவருக்குத் தொல்லை தரும் வெளியாளை உள்ளே கூட்டி வருவது ஆகியவற்றுக்கு மட்டும் முதல் முறையே கடைசி முறை. அபராதம் வைத்துப் பார்த்தேன், 100 ரூபாய். இரண்டு பெண்கள் மாதத் தொடக்கத்திலேயே 500 ரூபாயைக் கொடுத்து “ஐந்து தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி” என்றார்கள். மறுநாளே அதை எடுத்துவிட்டேன்.

தாளின் அடியில் தேதியும் என் கையெழுத்தும் இரவில் எடுக்கப்படும் போன் எண்ணும் இருக்கின்றன. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருக்கிறோம், மலையாளத்திலும் தெலுங்கிலும் பெண்களே எழுதிக்கொடுத்தார்கள். வாசல் பகுதி கதவின் உள்பக்கம், சமையல் பகுதி அடுப்பின் அருகில். எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டிருந்தபோது, யாரும் இரண்டாவது பத்தியைத் தாண்டிப் படிக்கவில்லை.

இந்த மாதம் புதிதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. தேர்வுக்குப் படிக்கும் இரண்டு பெண்கள் இரவு ஒரு மணிக்குத் தேநீர் போட வேண்டும் என்கிறார்கள், ரெகுலேட்டரோ பத்தரைக்கு மூடப்படுகிறது. ஒரு மின்கெட்டிலை வாங்கி வராந்தாப் பக்கம் வைத்திருக்கிறேன். அந்தச் சுவிட்சுப் பெட்டி அந்தச் சுமையைத் தாங்குமா என்று பார்க்க எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார், 11 மணிக்கு, குழுவில் சொல்லியாயிற்று. அவர் சரி என்றால் சமையல் தாளில் ஒரு வரி கூடும். ஆவி பட்டு அதன் ஓரம் சுருண்டிருக்கிறது, எப்படியும் புதிதாகத்தான் எழுத வேண்டும்.